சீப்பு பட்டாலே சுளீர்: பின்மண்டை நரம்பும் எனக்குப் போட்ட ஊசியும்

புதன்கிழமை காலை. எங்களுக்குப் புதன் என்றால் தடுப்பூசி நாள். ஏழரைக்குள் சமையலை முடித்து, தலை வாரி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிப் பெட்டியை வாங்கிக்கொண்டு கிராமத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று வலது பக்க முடியைச் சீப்பால் பின்னோக்கி இழுத்தேன். பிடரிக்குக் கொஞ்சம் மேலே யாரோ கோணூசியைச் செருகி உச்சி வரைக்கும் இழுத்த மாதிரி ஒரு சுளீர். சீப்பு கையிலிருந்து விழுந்தது. இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். மூச்சு விட்டு நிமிர்வதற்குள் இன்னொன்று.

நான் பாலக்கோடு பக்கத்தில் கிராம சுகாதார செவிலியர். ஊரில் நர்சம்மா என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக ஊசி போடுகிறவள். தலைவலி என்று வருகிறவர்களுக்குப் பாராசிட்டமால் கொடுத்து, தண்ணி நிறையக் குடி என்று சொல்லி அனுப்புகிறவள். அதனால் நானும் முதலில் அதையே எனக்குச் செய்துகொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. இது மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் முன்பே வந்து போய்விடும் வலி. அரை மணி நேரம் கழித்து மாத்திரை வேலை செய்யும்போது தணிக்க அங்கே வலி இருக்காது. சாயங்காலம் தலையணையில் சாய்ந்ததும் மறுபடி வரும்.

இந்த வலியின் குணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எட்டு மாதம் எனக்கு வேறு பெயர்கள் சூட்டப்பட்டதற்குக் காரணம், நான் இதைச் சரியாகச் சொல்லாததுதான். போகிற இடத்திலெல்லாம் "தலைவலி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அது தலைவலி இல்லை. விட்டு விட்டு வெட்டுவது. ஒவ்வொரு வெட்டும் சில விநாடி, சில சமயம் ஒரு நிமிடம். ஒரு பக்கம் மட்டும், அதுவும் ஒரே தடத்தில்: பிடரிக்கு மேலே ஒரு புள்ளியில் தொடங்கி உச்சியைப் பார்த்து ஓடும். வெட்டுகளுக்கு இடையே அந்தப் பக்கத்துத் தோல் தீய்ந்த மாதிரி கூசும். முடியைத் தொட்டால் கூச்சம், ஹெல்மெட்டின் பின்விளிம்பு உரசினால் வலி, தலைக்கு ஊற்றினால் தண்ணீர் விழும் இடத்தில் எரிச்சல். பூ வைப்பதை விட்டுவிட்டேன். ஒரு கொண்டை ஊசி வைக்கிற கனம்கூடத் தாங்கவில்லை.

என் அத்தை, அதாவது மாமியார், ஒரு நாள் கேட்டார்: "ஏன் கண்ணு, தலையில பூவே வெக்கறதில்ல? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" வலிக்கிறது என்றேன். மல்லிகைப் பூ வலிக்கிறது என்று சொன்ன முதல் மருமகள் நானாகத்தான் இருப்பேன்.

பெயர்களுக்கு வருகிறேன். முதலில் பார்த்த இடத்தில் ஒற்றைத் தலைவலி என்றார்கள். வலி சில சமயம் வலது கண்ணுக்குப் பின்னாலும் தெறித்ததால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டாவது இடத்தில் கண்ணாடி மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். மூன்றாவது இடத்தில் கழுத்து எலும்பு தேய்மானம் என்று பட்டை கொடுத்தார்கள். அந்தப் பட்டையின் மேல்விளிம்பு சரியாக அந்தப் புள்ளியில்தான் அழுத்தியது. போட்ட அன்று ராத்திரி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தலைக்கும் கழுத்துக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஒன்றும் இல்லை என்று வந்தது. அன்று அது எனக்கு எரிச்சலாக இருந்தது. இத்தனை வலிக்கு ஒன்றுமில்லையா என்று. பிறகுதான் புரிந்தது, அந்த ஒன்றுமில்லைக்கு அர்த்தம் உண்டு என்று. முதல் இரண்டு கழுத்தெலும்புகளின் இடையே கட்டி, மூளையின் பின்பகுதி கீழே இறங்கியிருப்பது, இப்படி இதே இடத்தில் இதே மாதிரி வலி தரக்கூடிய சங்கதிகள் இல்லை என்று அது சொன்னது. நரம்பு எரிச்சலடைந்திருப்பதை அந்தப் படம் பெரும்பாலும் காட்டாது.

கடைசியில் தர்மபுரியில் ஒரு மயக்கவியல் டாக்டரிடம் போனேன். ஆபரேஷன் இல்லாத நாட்களில் வலிக்கென்று தனியாக நோயாளிகளைப் பார்க்கிறவர். பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு வெட்டு. அவர் படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "சிஸ்டர், ஒரு விரலால எங்கன்னு காட்டுங்க" என்றார். காட்டினேன். என் பின்னால் வந்து நின்று, பின்மண்டையின் நடுவில் புடைத்திருக்கும் எலும்பைத் தொட்டுப் பார்த்து, அங்கிருந்து வலப்பக்கமாகவும் கீழாகவும் இரண்டு விரல்கடை நகர்ந்து கட்டைவிரலால் அழுத்தினார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். கண் வரைக்கும் பாய்ந்தது. இடப்பக்கம் அதே இடத்தை அதே அழுத்தத்தில் அழுத்தினார். வெறும் அழுத்தம்தான். அப்புறம் ஒரு பஞ்சை எடுத்து இரண்டு பக்கமும் தடவினார். வலப்பக்கம் பஞ்சு உப்புத்தாள் மாதிரி உரசியது.

"ஆக்சிபிட்டல் நியூரால்ஜியா" என்றார். பின்மண்டை நரம்பு வலி.

இந்த நரம்பு போகிற வழியைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கழுத்தின் முதல் எலும்புக்கும் இரண்டாவது எலும்புக்கும் இடையிலிருந்து அது வெளியே வருகிறது. வந்ததும் தோலுக்கு வந்துவிடுவதில்லை. தலையைத் தூக்கி நிறுத்தும் பிடரித் தசைகளுக்கு அடியில் புகுந்து, ஒரு தடித்த தசையைத் துளைத்து, கடைசியில் பின்மண்டை எலும்புக்குப் பக்கத்தில்தான் தோலுக்கு அடியில் வருகிறது. அங்கே ஒரு தமனியும் துணைக்குச் சேர்கிறது. அங்கிருந்து உச்சந்தலை வரைக்கும் முடிக்கடியில் உள்ள தோலுக்கு அதுதான் உணர்ச்சி. இது பெரிய பின்மண்டை நரம்பு. இதற்கு ஒரு தம்பி உண்டு, சிறிய பின்மண்டை நரம்பு. அது கழுத்தின் பக்கவாட்டுத் தசை ஓரமாக ஏறிக் காதுக்குப் பின்னால் போய்ச் சேரும். இந்தத் தம்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவான்.

துளைத்து வரும் இடத்தில் தசை இறுகினாலோ, கழுத்தில் அடிபட்டாலோ, மேல் கழுத்து மூட்டு தேய்ந்தாலோ நரம்பு எரிச்சலடையலாம். எனக்கு எதனால்? நாள் முழுக்கக் குனிந்து பதிவேடு எழுதுவதும் செல்போனில் விவரம் ஏற்றுவதும்தான் காரணம் என்று நானே ஒரு கதை வைத்திருந்தேன். டாக்டர் அதற்குத் தலையாட்டவில்லை. "இருக்கலாம். நிறைய பேருக்குக் காரணமே கிடைக்கறதில்ல" என்றார். கண்ணுக்குப் பின்னால் ஏன் வலிக்கிறது என்று கேட்டேன். மேல் கழுத்து நரம்புகளும் முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பும் உள்ளே போய்ச் சேரும் நிலையம் ஒன்றேதானாம். பிடரியிலிருந்து போன செய்தியை அந்த நிலையம் நெற்றியிலிருந்தும் கண்ணிலிருந்தும் வந்ததாகத் தப்பாகப் படித்துவிடுகிறது. ஒற்றைத் தலைவலி என்று நினைத்தவர்களை ஏமாற்றியது அதுதான்.

நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை 75 மில்லிகிராம் ராத்திரிக்கு எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் காலையில் தலை கிறுகிறுத்தது, வண்டி ஓட்டப் பயமாக இருந்தது. சரி, அந்த நரம்பை மரக்கவைக்கும் ஊசி, அதாவது நெர்வ் பிளாக், போட்டுவிடலாம் என்று முடிவானது.

நெர்வ் பிளாக் என்றதும் பெரிய ஆபரேஷன் தியேட்டர், முதுகில் நீளமான ஊசி என்றெல்லாம் ஊரில் கதை உண்டு. நடந்தது என்னவோ ஒரு சின்ன அறையில், நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் மேசையில் வைத்த தலையணையில் நெற்றியைச் சாய்த்தபடிதான். போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? மரத்துப்போக ஊசி போட்டு முன்னால் எப்போதாவது ஒவ்வாமை வந்ததா? தலையில் ஆபரேஷன் நடந்திருக்கிறதா? மூன்றாவது கேள்விக்குக் காரணம் கேட்டேன். மண்டையோட்டில் எலும்பு எடுத்த இடம் இருந்தால், அதன் வழியாக மருந்து உள்ளே போய்விடும் ஆபத்து உண்டாம். எலும்பு முழுசாக இருப்பவருக்கு ஊசி முனை எலும்பில் முட்டி நின்றுவிடும். அதுதான் இதில் பெரிய பாதுகாப்பு.

முடியை மழிக்கவில்லை. வகிடு மாதிரி பிரித்து, மருந்துநீர் தடவி, விரலால் தமனியின் துடிப்பைத் தேடினார். பின்மண்டைப் புடைப்பிலிருந்து காதின் பின் எலும்பு வரை ஒரு கோடு போட்டால், நடுவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நரம்பு இருக்கும். தமனி அதற்கு வெளிப்பக்கம். துடிப்பு கிடைத்தால் அதற்குச் சற்று உள்பக்கம் குத்த வேண்டும். 26 நம்பர் ஊசி, நாங்கள் குழந்தைகளுக்குத் தொடையில் போடுவதைவிட மெல்லிசு. எலும்பில் முட்டியதும் ஒரு நூல் பின்னுக்கு இழுத்து, சிரிஞ்சைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்து, பிறகு மருந்தை விசிறி மாதிரி மூன்று திசையில் விட்டார். 2 சதவீத லிக்னோகெய்ன் 1 மில்லி, 0.5 சதவீத பியூபிவகெய்ன் 2 மில்லி, கூட ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு 40 மில்லிகிராம். முதலாவது சீக்கிரம் மரக்க, இரண்டாவது நீண்ட நேரம் மரக்க, மூன்றாவது அந்த இடத்து அழற்சியைக் குறைக்க.

குத்தும்போது ஒரு வெட்டு வந்தது. அப்புறம் தோல் உப்புகிற மாதிரி அழுத்தம். அப்புறம் எனக்கு வியர்த்துக் கண் இருட்டியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் "எறும்பு கடிக்கிற மாதிரிதான் கண்ணு" என்று சொன்னவள், அன்று அங்கிருந்த நர்ஸ் என்னைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடிக்கும்படி ஆனது. பத்து நிமிடத்தில் சரியானேன். இது மருந்தின் கோளாறு இல்லை, பயம்தான்.

எழுந்து உட்கார்ந்ததும் டாக்டர் பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்துக் கொடுத்தார். "வாருங்க." வலப்பக்கம் பின்னோக்கி இழுத்தேன். முடி இழுபடுவது தெரிந்தது, தோல் தெரியவில்லை. பாதி மண்டைக்கு மட்டும் தடித்த தொப்பி மாட்டிய மாதிரி. எட்டு மாதத்தில் முதல் முறையாக வலிக்காமல் தலை வாரினேன். ஆனால் காதுக்குப் பின்னால் சீப்பு போனபோது மட்டும் அதே கூச்சம், ஒரு சின்ன வெட்டு. சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. நோயாளிக்கு மிச்ச வலி இருப்பதைக் கேட்டு மகிழ்ந்த டாக்டரை அன்றுதான் பார்த்தேன்.

ஊசி அங்கே இரண்டு வேலை செய்கிறது. ஒன்று வைத்தியம், இன்னொன்று விசாரணை. மரக்க வேண்டிய இடம் மரத்திருக்கிறதா, மரத்த இடத்தில் வலி நின்றதா என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தோல் மரக்கவே இல்லை என்றால் ஊசி நரம்பைத் தவறவிட்டது. அந்த ஊசியை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. நன்றாக மரத்தும் வலி அப்படியே இருந்தால், வலி அந்த நரம்பினுடையது இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். எனக்கு உச்சிப் பக்கம் மரத்து வலி நின்றது. காதுப் பக்கம் மரக்கவில்லை, வலியும் நிற்கவில்லை. ஆக, தம்பியும் இதில் கூட்டாளி. அன்றே அதற்கும் போட்டுவிடலாமே என்றேன். இன்றைக்கு வேண்டாம், முதலில் இது எத்தனை நாள் நிற்கிறது என்று பார்ப்போம் என்றார்.

ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். எங்களுக்கு நோட்டு எழுதச் சொல்லியா தர வேண்டும்! காலை 10:40க்கு ஊசி. மாலை ஐந்து வரை மரத்திருந்தது. ஏழு மணிக்கு வலி திரும்பி வந்தது. மறுநாள் கூடுதலாகவே இருந்தது, குத்திய இடமும் சேர்ந்து வலித்தது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார், இல்லாவிட்டால் ஊசி தோற்றுவிட்டது என்று அழுதிருப்பேன். மரக்கும் மருந்து போய்விட்டது, ஸ்டீராய்டு இன்னும் வேலையைத் தொடங்கவில்லை, நடுவில் ஒரு பள்ளம். நான்காம் நாளிலிருந்து வெட்டு குறைந்தது. நாளைக்கு இருபது முப்பது என்று எண்ணிக்கொண்டிருந்தது மூன்று நான்காயிற்று, அதுவும் காதுப் பக்கம் மட்டும்.

சில மணி நேரம் மட்டுமே மரக்கும் மருந்து எப்படி வாரக்கணக்கில் வலியைத் தள்ளிப்போடுகிறது? ஸ்டீராய்டு மட்டும் காரணமில்லை. ஸ்டீராய்டு சேர்க்காமல் போட்டாலும் பலருக்குப் பல நாள் நிற்கிறது. நரம்பு விடாமல் கத்திக்கொண்டே இருந்தால், அதைக் கேட்கும் மேல் நிலையமும் சின்ன சத்தத்துக்கே துள்ளப் பழகிவிடுகிறது. அதனால்தான் பஞ்சும் பூவும் வலித்தன. சில மணி நேரம் கத்தல் நின்றால் அந்தத் துள்ளல் தணிகிறது என்று டாக்டர் விளக்கினார். இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

நோட்டில் இன்னொரு பக்கமும் உண்டு, சர்க்கரை. நான் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவள். சாப்பிட்ட பிறகு 170 சுமாராக இருப்பது, ஊசி போட்ட இரண்டாம் நாள் 290. மூன்றாம் நாள் 260. ஆறாம் நாள்தான் பழைய இடத்துக்கு வந்தது. தலையில் போட்ட ஊசிக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் உண்டு. ஸ்டீராய்டு எங்கே போட்டாலும் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். சர்க்கரை உள்ளவர்கள் ஊசிக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், அந்த ஒரு வாரம் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது வாரம் வலி மறுபடி ஏறத் தொடங்கியது. ஆறாவது வாரம் போனேன். இந்த முறை ஸ்டீராய்டு இல்லாமல், பியூபிவகெய்ன் மட்டும். பெரியவனுக்கு 2 மில்லி, காதுக்குப் பின்னால் தம்பிக்கு ஒன்றரை மில்லி. நான் முன்கூட்டியே படுத்துக்கொண்டேன், மயக்கம் வரவில்லை. சீப்பு காதுக்குப் பின்னாலும் சத்தமில்லாமல் போனது. இந்த முறை நின்றது ஒன்பது வாரம்.

ஆனால் ஒன்று. ஊசிக்கு வலி கேட்டதாலேயே அது பின்மண்டை நரம்பு வலிதான் என்று ஆகிவிடாது. இதே இடத்தில் இதே ஊசியை ஒற்றைத் தலைவலிக்கும், கழுத்திலிருந்து ஏறும் தலைவலிக்கும், கண்ணைச் சுற்றிக் கொத்தாக வரும் கிளஸ்டர் தலைவலிக்கும் போடுகிறார்கள், அவையும் குறைகின்றன. நிலையம் ஒன்றுதானே. அதனால் வெட்டும் குணம், தோலின் கூச்சம், அழுத்தினால் பாயும் புள்ளி, ஊசிக்கு அடங்குவது ஆகிய எல்லாம் சேர்ந்து வந்தால்தான் இந்தப் பெயர். ஊசி அதில் ஒரு சாட்சி மட்டும்.

நான் தேறிய பிறகு எல்லாருடைய பின்மண்டையிலும் கட்டைவிரலை வைக்கத் தொடங்கிவிட்டேன், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாரண்டஅள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். இரண்டு நாளாகப் பின்மண்டையிலும் காதுக்குப் பின்னாலும் வெட்டு, சீப்பு வைக்க முடியவில்லை என்றார். என் வலியேதான் என்று முடிவு கட்டி, தர்மபுரிக்குப் போங்க, ஊசி போட்டுக்கிட்டா சரியாயிடும் என்று முகவரி எழுதிக் கொடுக்கவும் போனேன். எங்கள் மெடிக்கல் ஆபீசர் முடியை விலக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் பாருங்க சிஸ்டர், கொப்புளம் வந்தா உடனே கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றார். மறுநாளே முடிக்கடியில் கொத்தாகக் கொப்புளம். அக்கி. பழைய சின்னம்மைக் கிருமி நரம்பில் விழித்துக்கொண்டு வருவது, அதே கழுத்து நரம்பில் வந்திருந்தது. மகன் அக்கி எழுதச் செங்காவி தேடிக் கிளம்பியிருந்தார். காவி வேண்டுமானால் பிறகு பூசிக்கொள்ளுங்கள், மாத்திரை இன்றைக்கே தொடங்க வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். நான் சொன்னபடி அவர் அடுத்த வாரம் பஸ் பிடித்துத் தர்மபுரிக்குப் போயிருந்தால் அந்த மணி நேரங்கள் போயிருக்கும்.

அதே மாதிரி, இடி விழுந்தது போல ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கை கால் மரப்பு, விபத்துக்குப் பிறகு திடீரென்று வரும் கழுத்துவலி என்று வந்தால் நான் இப்போது கட்டைவிரலை எடுத்துவிட்டு 108 வண்டிக்குத்தான் போன் செய்கிறேன்.

மூன்றாவது ஊசி சித்திரையில் போட்டேன். இதை எழுதும்போது பதினோராவது வாரம். பிரிகாபலினை நிறுத்தியாயிற்று. வலி திரும்பினால் விட்டு விட்டு வரும் ரேடியோ அலையால் நரம்பை அமைதிப்படுத்தும் சிகிச்சை இருக்கிறது, அதற்குச் சேலமோ பெங்களூரோ போக வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். வரட்டும், அப்போது பார்க்கலாம்.

முதல் ஊசி போட்ட இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடி கொட்டிவிட்டது. ஸ்டீராய்டு தோலுக்கு மிக அருகில் தேங்கினால் அப்படி ஆகுமாம், தோலும் லேசாகக் குழிந்திருக்கிறது. சில மாதத்தில் வளரும் என்றார்கள். இப்போது பஞ்சு மாதிரி வளர ஆரம்பித்திருக்கிறது. அதுவரை அத்தைதான் காலையில் பூச்சரத்தை அந்த இடத்தை மறைக்கிற மாதிரி வைத்துவிடுகிறார். "வலிக்குதா கண்ணு?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டுவிட்டுத்தான் ஊசியைச் செருகுகிறார்.